மூன்று பேர் வாங்கிய ஒரு ஃபிளாட்: பங்கு, கடன், விலகல் பற்றிய ஒரு மின்னஞ்சலின் கதை

மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடு, நிலப் பத்திர வேலைகளைப் பார்க்கும் கிளார்க்காக இருக்கிறேன். கூட்டாக வீடு வாங்கும் குடும்பங்கள் எங்களிடம் நிறைய வருகின்றன. அதில் ஒரு குடும்பத்தின் கதையை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. தொகைகளைக் கிட்டத்தட்ட முழு எண்ணாக மாற்றியிருக்கிறேன், ஆனால் விகிதங்கள் உண்மையானவை.

பின்னணி

அப்பா செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அறுபது வயதுக்கு ஓராண்டு இருக்கும்போதே பிள்ளைகள் மூவரும் உட்கார்ந்து பேசி, டவுனில் ஒரு பழைய ஃபிளாட் வாங்குவதென்று முடிவு செய்தார்கள். அம்மாவுக்குக் கோயிலும் சந்தையும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

மூத்தவர் அக்கா, பள்ளி ஆசிரியை. கணவரோடு கிள்ளானில் இருக்கிறார், அங்கே அவர் பெயரிலும் ஒரு வீடு உண்டு. நடுத்தம்பி துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் டெக்னீஷியன். சின்னத் தம்பி சொந்தமாக லாரி ஓட்டுகிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அப்போது வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ததில்லை. கையில் காசு புரளும், ஆனால் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. பின்னால் வந்த சிக்கலின் வேர் இதுதான்.

வீட்டின் விலை 180,000 ரிங்கிட். ஒப்பந்தம் 2019 மார்ச்சில் கையெழுத்தானது. வங்கி 90 விழுக்காடு, அதாவது 162,000 கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் வருமானத்தைக் காட்ட முடிந்த இருவரை மட்டுமே கடனாளியாக ஏற்றது. அதனால் அக்கா, நடுத்தம்பி பெயரில் கடன், அதே இருவர் பெயரில் ஆளுக்குப் பாதியாகப் பட்டா. சின்னவர் பெயர் கடனிலும் இல்லை, பட்டாவிலும் இல்லை. அவருடைய பங்கு அக்கா அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் மட்டும் இருந்தது.

முதல் மின்னஞ்சல்

அந்த மின்னஞ்சலை நான் பிறகுதான் பார்த்தேன். முக்கியப் பகுதி இப்படி இருந்தது:

"தம்பிகளுக்கு, அக்கா எழுதுறேன். நாளைக்குப் பேச்சு வந்துடக் கூடாதுன்னு எழுதி வைக்கிறேன். முன்பணம், லாயர் செலவு, ரிப்பேர் எல்லாம் சேர்த்து 33,000. அதில் நான் 13,000, நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு 10,000. மாசா மாசம் நான் 300, நடுவன் 300, சின்னவன் 270. லோன் எங்க ரெண்டு பேர் மேல இருந்தாலும் வீடு மூணு பேருக்கும் சொந்தம். யாராவது விலக நினைச்சா அவங்க போட்ட காசைத் திருப்பிக் கொடுத்துடலாம். அப்பா அம்மா இருக்கிற வரைக்கும் வீட்டை விக்கக் கூடாது."

நடுத்தம்பி "சரிக்கா, சம்மதம்" என்று பதில் போட்டார். சின்னவர் போனில் சரி என்று சொன்னார், எழுத்தில் ஒன்றும் அனுப்பவில்லை.

பல குடும்பங்கள் இந்த அளவுக்குக்கூட எழுதுவதில்லை. முன்பணம் யார் எவ்வளவு, மாதம் யார் எவ்வளவு என்பது இதில் தெளிவாக இருக்கிறது. மாதம் 870 ரிங்கிட்டில் ஏறக்குறைய 802 கடன் தவணைக்கும், மீதி பராமரிப்புக் கட்டணத்துக்கும் அதோடு வரும் சேமிப்பு நிதிக்கும் போனது. பணத்தை அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் அதை ஒரு 555 நோட்டில் எழுதி வந்தார். தேதி, பெயரின் முதல் எழுத்து, தொகை, கடைசியில் ஒரு சின்னக் கோடு. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வங்கிகள் தவணையை நிறுத்தி வைத்த ஆறு மாதங்களுக்கு அந்த நோட்டில் வெறும் கோடுதான் இருக்கிறது. எதிரே "லோன் இல்லை" என்று பென்சிலில் எழுதியிருந்தார். அந்த மாதங்களின் பராமரிப்புக் கட்டணத்தைத் தானே கட்டியதை அவர் எழுதவும் இல்லை, கணக்கில் கேட்கவும் இல்லை.

குறை இருந்தது இரண்டு வரிகளில். "வீடு மூணு பேருக்கும் சொந்தம்" என்பது ஒன்று, "போட்ட காசைத் திருப்பிக் கொடுத்துடலாம்" என்பது மற்றொன்று.

என்ன நடந்தது

2023-இல் நடுத்தம்பிக்குத் திருமணமானது. கிள்ளானில் ஒரு வீட்டுக்கு முன்பதிவு செய்து வங்கியில் கடன் கேட்டார். கையில் வரும் சம்பளம் 3,600. கார் தவணை 520. புது வீட்டின் தவணை ஏறக்குறைய 1,350. அவர் மனக்கணக்கில் பந்திங் வீட்டுக்கு 300 மட்டும்தான். மொத்தம் 2,170, சம்பளத்தில் 60 விழுக்காடு.

வங்கி அப்படிக் கணக்கிடவில்லை. கூட்டுக் கடன், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் கடனாளிகள் ஒவ்வொருவர் பெயரிலும் வரும். இவர் போன வங்கி 802 முழுவதையும் இவர் தலையில் வைத்தது. மொத்தம் 2,672, அதாவது 74 விழுக்காடு. விண்ணப்பம் தள்ளப்பட்டது. முன்பதிவுப் பணத்தில் ஒரு பகுதியும் போனது.

அவர் அந்த மின்னஞ்சலை அச்சடித்து வங்கி அதிகாரியிடம் காட்டியிருக்கிறார். அதனால் பயன் இல்லை. கூட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் வங்கி மற்றவரிடம் முழுத்தொகையையும் கேட்கலாம். உனக்கு 300 எனக்கு 300 என்பது உடன்பிறப்புகளுக்குள் செல்லும். வங்கி அதில் ஒரு தரப்பு அல்ல. இதைக் கையெழுத்து நாளிலேயே அவருக்கு விளக்கியிருப்பார்கள். ஆனால் அன்று யார் காதிலும் அது விழுந்திருக்காது, சாவி வாங்கும் அவசரம் அப்படி.

2023 அக்டோபரில் அவர் அக்காவிடம் விலகிக்கொள்கிறேன் என்றார். "போட்ட காசைக் கொடுத்துடுங்கக்கா, போதும்."

எது போட்ட காசு?

மூவரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது இந்தக் கேள்வியோடுதான். யாரும் கோபமாக இல்லை. ஆனால் மூவர் கையிலும் மூன்று வேறு தொகைகள் இருந்தன. மூன்றுமே அந்த ஒரு வரியிலிருந்து வந்தவை.

தவணை நின்ற ஆறு மாதங்களைக் கழித்தால் 48 மாதங்கள் கட்டியிருக்கிறார்கள். நடுத்தம்பி ஆரம்பத்தில் போட்ட 10,000, மாதம் 300 வீதம் 14,400, ஆக 24,400 என்று கேட்டார். 555 நோட்டில் இருப்பதும் அதுதான்.

சின்னவர் அதை மறுத்தார். மாதத் தவணையில் பெரும்பகுதி வட்டிக்குப் போயிருக்கிறது. 162,000 கடன் இத்தனை ஆண்டில் 152,000 ஆகத்தான் குறைந்திருந்தது. வட்டியும் பராமரிப்பும் அப்பா அம்மா குடியிருந்ததற்கான செலவு, அதைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் குறைந்த 10,000 அசலில் நடுத்தம்பியின் பங்கு ஏறக்குறைய 3,400. ஆரம்பத் தொகையோடு 13,400.

அக்கா வீட்டின் இன்றைய மதிப்பைப் பார்க்கச் சொன்னார். மதிப்பீட்டாளர் 220,000 என்று கொடுத்தார். அதில் கடன் பாக்கி 152,000 போக 68,000 மிஞ்சும். மூவரும் இதுவரை போட்டது மொத்தம் 74,760. அதில் அக்காவுடையது 27,400, நடுத்தம்பியுடையது 24,400, சின்னவருடையது 22,960. நடுத்தம்பியின் விகிதம் 32.6 விழுக்காடு. 68,000-இல் அது ஏறக்குறைய 22,200.

நான்காவது ஒரு தொகையும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டாவில் நடுத்தம்பிக்குப் பாதி. 68,000-இல் பாதி 34,000. அவர் அதைக் கேட்கவில்லை. ஆனால் அன்று அவர் கேட்டிருந்தாலோ, அவருக்கு ஏதாவது ஆகி அவர் வாரிசுகள் கேட்டிருந்தாலோ சின்னவர் கையில் என்ன இருந்தது என்பதை நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மின் வணிகச் சட்டம் 2006-இன்படி, ஒப்பந்தம் மின்னஞ்சலில் இருக்கிறது என்பதற்காகவே அது செல்லாமல் போகாது. அதனால் பணம் எவ்வளவு, யார் எவ்வளவு கட்டுவது என்ற வரிகள் பயனுள்ளவை. ஆனால் அதே சட்டம் சில ஆவணங்களுக்குப் பொருந்தாது. உயில், பகராள் பத்திரம், மாற்றுமுறிப் பத்திரங்கள், அறக்கட்டளை உருவாக்குதல் ஆகியவை அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. "பட்டா எங்கள் பெயரில் இருந்தாலும் இவன் பங்கை இவனுக்காக வைத்திருக்கிறோம்" என்பது பொருளளவில் ஓர் அறக்கட்டளை, அதாவது ஒருவரின் சொத்தை அவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வைத்திருக்கும் ஏற்பாடு. பணம் போட்டதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கேட்க வழியுண்டு, அந்த மின்னஞ்சலும் ஒரு சான்றாக நிற்கலாம். ஆனால் அது வழக்கு நடத்திப் பெற வேண்டிய உரிமை. அந்த ஒரு வரியை மின்னஞ்சலோடு விட்டிருக்கக் கூடாது. பட்டாவில் பெயர் இல்லாதவருக்கு வழக்கறிஞர் எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் வேண்டும்.

இதைச் சொன்னபோது சின்னவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு" என்றார். நடுத்தம்பி உடனே, "நான் செய்ய மாட்டேன்டா, ஆனா நான் இல்லாமப் போனா?" என்றார். அந்தக் கேள்வியை அவரே கேட்டதில் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது.

எடுத்த முடிவுகள்

மதிப்பீட்டு வழியை மூவரும் ஏற்றார்கள். அக்கா சொன்ன காரணம் எனக்கும் சரியாகப் பட்டது. 24,400 கொடுத்தால் வட்டியையும் பராமரிப்பையும் சேமிப்பாகக் கருதியது போலாகும், மீதி இருவர் அந்த வித்தியாசத்தைத் தங்கள் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும். 13,400 கொடுத்தால் வீட்டு விலை ஏறியதில் அவருக்கு ஒன்றுமே இல்லை என்றாகும். விலை இறங்கியிருந்தால் இதே வழியில் அவருக்குக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். அதையும் சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம்.

அடுத்து, யார் பணம் கொடுப்பது? இந்த நான்கு ஆண்டுகளில் சின்னவர் தொழிலைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு வழியாக வரவு செலவு வைத்து, வரிக் கணக்கும் தாக்கல் செய்திருந்தார். ஆகவே அவர் இப்போது கடனாளியாக முடியும். ஆனால் கடன் பத்திரத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுத முடியாது. அக்காவும் சின்னவரும் புதுக்கடன் எடுத்து, அதிலிருந்து பழைய கடனை அடைத்து, நடுத்தம்பியின் பாதிப் பங்கைச் சின்னவருக்கு மாற்ற வேண்டும். புதுக்கடன் 175,000. பழைய பாக்கியும் நடுத்தம்பிக்கான பணமும் அதில் அடங்கின.

முத்திரை வரியில் எல்லோரும் திகைத்தார்கள். கொடுப்பது 22,200 தானே, அதற்குத்தான் வரி என்று நினைத்திருந்தார்கள். வரி கணக்கிடப்படுவது மாறும் பங்கின் சந்தை மதிப்பின் மேல். கடன் பாக்கியை அதில் கழிப்பதில்லை. 220,000-இல் பாதி 110,000. முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, மேலே உள்ள 10,000-க்கு 2 விழுக்காடு, ஆக 1,200 ரிங்கிட். கணவன் மனைவிக்கும் பெற்றோர் பிள்ளைக்கும் கிடைக்கும் சலுகை உடன்பிறப்புகளுக்கு இல்லை. புதுக்கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 875. வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீடு எல்லாம் சேர்த்து 8,600 ஆனது. இதை யார் ஏற்பது என்று மின்னஞ்சலில் இல்லை. விலகுபவர் பாதி, தொடர்பவர்கள் பாதி என்று பேசி முடித்தார்கள். நடுத்தம்பி கைக்கு வந்தது 17,900.

சொத்து ஆதாய வரிக்காகவும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னோம். குடிமக்களுக்கு ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. 2019 மார்ச் ஒப்பந்தம் என்பதால் 2024 மார்ச் கடந்ததும் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். லாபம் பெரிதல்ல, வரியும் பெரிதாக வந்திருக்காது. ஆனால் வங்கி வேலைக்கே அத்தனை மாதம் ஆகும் என்பதால் காத்திருப்பில் நஷ்டம் இல்லை.

பின்விளைவுகள்

கணக்கு முடிக்கும் நாளாக 2023 அக்டோபர் 31-ஐ வைத்தார்கள். அதற்குப் பிறகு நடுத்தம்பியின் 300-ஐயும் சேர்த்துச் சின்னவர் மாதம் 570 கட்டுவதாக ஏற்பாடு. உடன்பிறப்புகளுக்குள் அன்றோடு அவர் விலகிவிட்டார். வங்கிக்கு அவர் விலகவில்லை. பழைய கடன் அடையும் வரை முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பாளி.

2024 பிப்ரவரியில் இது சுட்டது. சின்னவரின் லாரி கியர்பாக்ஸ் போய், அந்த மாதப் பணம் வரவில்லை. அக்கா பிள்ளைகளின் பள்ளிச் செலவில் இருந்தார். தவணை நாள் தாண்டினால் தன் அறிக்கையில் ஒரு மாதத் தாமதம் ஏறும், அடுத்த வீட்டுக் கடனுக்கு அது இடைஞ்சலாகும் என்று பயந்து, விலகிவிட்ட நடுத்தம்பியே 570-ஐக் கட்டினார். ஏப்ரலில்தான் அது திரும்பி வந்தது. 555 நோட்டில் அதற்கு எழுதியிருப்பது "ந. கொடுத்தது, சி. கடன்". வேறு விளக்கம் இல்லை.

பட்டாவில் உரிமை மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அதற்கு நான்கு மாதம் ஆனது. புதுக்கடன் வெளியாகிப் பழையது அடைந்தது 2024 செப்டம்பரில். விலகுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து பதினொரு மாதம். முதலில் பார்த்த வீடு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. 2025 தொடக்கத்தில் நடுத்தம்பிக்கு வேறு வீட்டுக்குக் கடன் கிடைத்தது, அதே அளவு வீடு, விலை கொஞ்சம் கூடுதல்.

இப்போது பட்டாவில் அக்காவும் சின்னவரும் ஆளுக்குப் பாதி. உண்மையான பங்கு அப்படி இல்லை, அண்ணனின் பங்கை வாங்கிய கடனைச் சின்னவர்தான் அடைக்கிறார். அந்த வித்தியாசத்தை இந்த முறை வழக்கறிஞர் எழுதிய பத்திரத்தில் வைத்து, முத்திரையிட்டு, மூவரும் கையெழுத்திட்டார்கள்.

அந்த மின்னஞ்சலை இன்று எழுதினால்

அக்கா கேட்டார் என்று அந்தப் பழைய மின்னஞ்சலை அவரோடு உட்கார்ந்து திருத்தினேன். முன்பணமும் மாதப் பங்கும் இருந்த வரிகளில் கை வைக்கவில்லை. விலகல் வரி மட்டும் இப்படி ஆனது:

"விலக நினைப்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்ன மாதத்தின் கடைசி நாள் கணக்கு நாள். அன்றைய மதிப்பை மூவரும் ஏற்கும் மதிப்பீட்டாளர் சொல்வார். அதில் அன்றைய கடன் பாக்கியைக் கழித்து, மிச்சத்தை அவரவர் அதுவரை போட்ட மொத்தப் பணத்தின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். மாற்றுச் செலவில் விலகுபவர் பாதி. பழைய கடன் அடையும் வரை தவணை தவறாமல் கட்டுவது தொடர்பவர்கள் பொறுப்பு. இதற்காக இரண்டு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் புதுக்கடன் கிடைக்காவிட்டால் மூவரும் மறுபடி உட்கார்ந்து வீட்டை விற்பதா என்று முடிவு செய்ய வேண்டும்."

இறப்பு பற்றி ஒரு வரி சேர்த்தோம். நம் நிலச் சட்டத்தில் கூட்டு உரிமையாளர் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது, அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும். அதை மின்னஞ்சலால் மாற்ற முடியாது. ஆகவே "ஆளுக்கொரு உயில் எழுதி, அதன் நகலை அக்காவிடம் கொடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினோம். சின்னவரின் பங்கு பற்றிய வரியை எடுத்துவிட்டு, "பட்டாவில் பெயர் இல்லாதவரின் பங்கு தனிப் பத்திரத்தில் உள்ளது" என்று போட்டோம்.

ஒரு வரியில் மட்டும் எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. "அப்பா அம்மா இருக்கிற வரைக்கும் வீட்டை விக்கக் கூடாது" என்ற பழைய வரியும் பன்னிரண்டு மாதக் கெடுவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டில் எது மேலே என்று நான் கேட்டேன். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, அதைத் தம்பிகள் இருவரும் இருக்கும்போது, அப்பாவையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும் என்றார். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.